நாலரை நிமிடத்தில் அணைந்த அடுப்பு: சுங்கை சிப்புட்டில் ஒரு பழுது

அக்கா இண்டக்‌ஷன் அடுப்பை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். துண்டைப் பிரித்தவுடன் கடையில் சம்பல் வாசம். தாமானுக்கு முன்னால் காலையில் நாசி லெமாக் பொட்டலம் விற்பவர் அவர். பக்கத்திலேயே செம்பனைத் தோட்டம். வேலைக்குப் போகிற ஆட்கள் ஆறரை மணிக்கே வந்து நிற்பார்கள். சம்பல் அதற்கு முன்னே கிளறி முடிந்திருக்க வேண்டும்.

"பீப் பீப்புன்னு கத்திட்டு அணைஞ்சிடுது தம்பி. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி எரியுது. அப்புறம் மறுபடியும் அதே கதை."

இண்டக்‌ஷன் அடுப்பு பழுதுக்கு வருகிற எல்லாரும் சொல்வது இந்த ஒரு வரிதான். பாத்திரம் சரியில்லை என்றாலும் கத்தும், கரண்டு குறைந்தாலும் கத்தும், உள்ளே சூடு ஏறினாலும் கத்தும், சென்சார் அறுந்தாலும் கத்தும். நான் கேட்ட கேள்வி மூன்று. ஆன் செய்து எத்தனை நிமிடத்தில் அணைகிறது? அணையும்போது திரையில் என்ன வருகிறது? அணைந்த பிறகும் உள்ளே காற்றாடிச் சத்தம் கேட்கிறதா?

மூன்றுக்கும் அக்காவிடம் பதில் இல்லை. சம்பல் கிளறுகிறவர் கடிகாரத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்? அதனால் திருகாணியில் கை வைக்காமல் முதலில் தண்ணீர் வைத்தேன்.

இரண்டு லிட்டர் தண்ணீர்

அடிப்பாகம் தட்டையான எவர்சில்வர் பானை, அதில் அளந்து ஊற்றிய இரண்டு லிட்டர் பைப்புத் தண்ணீர், அடுப்பு 2000 வாட்டில். நல்ல நிலையில் உள்ள அடுப்பில் இது ஆறு நிமிடத்தை ஒட்டிக் கொதிக்கும். நம்ம ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரியில் இருப்பதால் நூறைத் தொட இன்னும் 72 டிகிரிதான் பாக்கி. அதற்கு வேண்டிய சக்தி சுமார் 600 கிலோஜூல். வாட்டால் வகுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடம் வரும், வீணாகிற சூட்டையும் சேர்த்தால் ஆறு.

இந்தச் சோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. பானையில் தண்ணீர் இருக்கிறவரை அதன் அடிப்பாகம் நூறு டிகிரிக்கு மேல் பெரிதாகப் போகாது. கண்ணாடிக்குக் கீழே, பானையைச் சூடாக்குகிற சுருளின் நடுவில் இருக்கிற சென்சார் வெறும் பாத்திரம் காய்வதைப் பிடிப்பதற்கு. அது அடுப்பை நிறுத்த இருநூறு டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே அடுப்பு சூட்டைக் காரணம் காட்டி நின்றால், சூடு பானையில் இல்லை, அடுப்பின் வயிற்றுக்குள் இருக்கிறது.

போனில் நேரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 4 நிமிடம் 25 விநாடியில் மூன்று பீப். சூடாக்குவது நின்றது. திரையில் `E2`. தண்ணீர் அப்போதுதான் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி விட ஆரம்பித்திருந்தது.

`E2` என்றால் என்ன என்று அடித்தட்டில் ஒட்டியிருந்த தாளில் பார்த்தேன். முதல் இரண்டு வரிதான் மிச்சம், மற்றதை எண்ணெய் தின்றிருந்தது. இணையத்தில் தேடி எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு கம்பெனியில் உள்சூட்டைக் குறிக்கிற எண், இன்னொன்றில் கரண்டு குறைவையோ சென்சார் பழுதையோ குறிக்கும். அதே அடுப்பின் தாள் கையில் இல்லாதபோது எண்ணை நம்புவதைவிட நேரத்தை நம்புவது மேல்.

அதனால் நேரத்தையே இன்னும் கேட்டேன். இரண்டு நிமிடம் பொறுத்து, தண்ணீரை மாற்றிப் பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஆன். இந்தத் தடவை 1 நிமிடம் 30 விநாடியில் அணைந்தது, அதே `E2`. அக்காவை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாவது தடவை: 4 நிமிடம் 10 விநாடி. பிறகு 800 வாட்டில் வைத்தேன். பதினைந்து நிமிடம் ஓடியும் கத்தவில்லை.

திரையில் ஒரு எழுத்துகூட வராத அடுப்பாக இருந்தாலும் இந்த நான்கு ஓட்டம் போதும். ஆறியிருந்தால் நீண்ட நேரம், ஆறாமல் தொடங்கினால் குறைந்த நேரம், வாட் குறைத்தால் நிற்பதே இல்லை. உள்ளே எதிலோ சூடு சேர்கிறது, அது வெளியேறவில்லை. பாத்திரக் கோளாறு இப்படி இருக்காது. பாத்திரம் பிடிக்கவில்லை என்றால் முதல் விநாடியிலேயே திரை மின்னும், ஒரே சீராகப் பீப் அடிக்கும், அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ தானே அணையும். சென்சார் அறுந்திருந்தால் பெரும்பாலும் ஆன் செய்த கையோடு எண் வந்து நிற்கும், நாலு நிமிடம் காத்திருக்காது. கரண்டு குறைவாக இருக்குமோ என்று பிளக் பாயிண்டில் அளந்தேன். அடுப்பு ஓடும்போதே 231 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் நாலு நிமிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000 வாட் போகும்போது ஏசி கரண்டை டிசியாக மாற்றுகிற பிரிட்ஜும், அதை வேகமாக விட்டு விட்டுச் சுருளுக்கு அனுப்புகிற ஐஜிபிடியும் சேர்ந்து ஐம்பது வாட் அளவுக்குத் தாங்களே சூடாகின்றன. இரண்டும் உட்கார்ந்திருப்பது உள்ளங்கை அகல அலுமினியக் கட்டி ஒன்றின்மேல். இருநூறு கிராம் அலுமினியத்தைக் காற்றே இல்லாமல் ஐம்பது வாட்டால் சுட்டால் ஒரு டிகிரி ஏற மூன்றரை விநாடி போதும். முப்பதில் தொடங்கித் தொண்ணூற்றைந்தை எட்ட நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கட்டியின் அடியில் இருக்கிற சென்சார் அந்த அளவில்தான் நிறுத்தச் சொல்கிறது. கணக்கும் கடிகாரமும் இவ்வளவு நெருங்கி வந்தால் காற்று அனேகமாக வரவே இல்லை என்று பொருள்.

காற்றாடி

திறக்கும் முன் ஒரு டிஷ்யூ துண்டைக் கிழித்து அடியில் உள்ள துளைகளுக்குப் பக்கத்தில் பிடித்தேன். காற்றாடி நன்றாக இழுத்தால் டிஷ்யூ போய்த் துளையில் ஒட்டிக்கொள்ளும். இங்கே லேசாக ஆடியது, அவ்வளவுதான். பின்பக்கத் துளையில் கை வைத்தால் மூச்சுக் காற்று மாதிரி ஏதோ வந்தது. காதுக்குச் சத்தம் கேட்டது என்பதைக் கவனியுங்கள். "காற்றாடி சுத்துது" என்று வீட்டில் சொல்வதெல்லாம் காதால் சொல்வது.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டேன். உள்ளே 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது, ஓடும்போது அதில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதன் இரண்டு காலிலும் பழைய குண்டு பல்பு ஒன்றின் ஒயரை வைத்துக் காலி செய்துவிட்டுத்தான் விரலை உள்ளே விடுவேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் காற்றாடியைத் தேடி வருகிறவர்கள் அடிபடுவது இதில்தான். காற்றாடிக்குப் போவது 18 வோல்ட்தானே என்று நினைத்து, பிளக் போட்டபடி அந்த ஒயரைத் தொடக்கூடாது. இந்த மாதிரி மலிவு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் அந்த 18 வோல்ட் மெயின் கரண்டிலிருந்து பிரிக்கப்பட்டது அல்ல. மீட்டரில் 18 காட்டும், தொட்டால் 230 அடிக்கும். அலுமினியக் கட்டியும் அப்படித்தான். அளக்க வேண்டுமானால் பிளக் பிடுங்கிய நிலையில் மீட்டர் கிளிப்பை மாட்டி, கையை எடுத்துவிட்டு, பிறகு ஆன் செய்து எண்ணை மட்டும் பார்க்க வேண்டும்.

அடித்தட்டில் ஆறு திருகாணி. ஐந்து கண்ணுக்குத் தெரிந்தது, ஆறாவது சீரியல் எண் ஒட்டிய தாளுக்கு அடியில். அதைக் கழற்றாமல் நெம்பினால் மூலை உடையும். மூடியைத் தூக்கினால் பட்டன் பலகைக்குப் போகிற தட்டை ஒயர் பிடித்து இழுக்கும், அதை முதலில் கழற்ற வேண்டும்.

உள்ளே பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காற்றாடி இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பிசின், வெல்லப்பாகு இறுகினது போல. அலுமினியக் கட்டியின் பற்களுக்கு நடுவில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி அடைத்திருந்தது. ஒரு மூலையில் கரப்பான் முட்டைக்கூடு இரண்டு. வெதுவெதுப்பாக இருக்கிற இடம், அதற்கும் வசதிதானே. பல்லி போகவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். பலகையின் குறுக்கே பல்லி படுத்துவிட்டால் ஐஜிபிடியும் ஃபியூஸும் சேர்ந்து போய்விடும், பழுது கணக்கே வேறாகிவிடும்.

இறக்கையை விரலால் சுண்டினேன். நல்ல காற்றாடி ஐந்தாறு சுற்று தானாக ஓடி மெதுவாக நிற்கும். இது அரைச் சுற்றில் நின்றது. அடியில் உள்ள தாளை உரித்து, ரப்பர் மூடியைக் கழற்றி, சின்ன வளையக் கிளிப்பை ஊசியால் எடுத்து, அச்சை வெளியே இழுத்தேன். அச்சு உட்காரும் புஷ்ஷுக்குள் இருந்த எண்ணெய் மெழுகாகிப்போயிருந்தது. பஞ்சுக் குச்சியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டினால் நன்றாகச் சுழன்றது, ஆனால் இறக்கையைப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆட்டம். புஷ் தேய்ந்துபோயிற்று. எண்ணெய் விட்ட காற்றாடி இன்னும் ஒரு மாதம் ஓடலாம். ஆட்டம் இருந்தால் நான் மாற்றிவிடுவேன். பேசாமல் துடைத்துக் கொடுத்தால் பழி நம்மேல்தான் வரும்.

மாற்றும் முன் ஒரு அளவை மட்டும் தவறவிடக்கூடாது: காற்றாடிக்கு வரவேண்டிய வோல்ட் வருகிறதா? பழைய காற்றாடியை மாட்டியபடியே இணைப்பில் மீட்டர் கிளிப் போட்டு, தள்ளி நின்று ஆன் செய்தேன். 17.7 வோல்ட். அது போதும். இதே இடத்தில் எட்டோ ஒன்பதோ காட்டியிருந்தால் காற்றாடியைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்திருப்பேன். கழற்றியதும் 18க்கு ஏறினால் இரண்டில் ஒன்று: காற்றாடி அளவுக்கு மீறி இழுக்கிறது, அல்லது 18 வோல்ட்டைத் தாங்குகிற கெப்பாசிட்டர் சூட்டில் வற்றிப்போயிருக்கிறது. வேறு காற்றாடி ஒன்றை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். சுத்தமாக வோல்ட்டே இல்லை என்றால் காற்றாடியை ஆன் ஆஃப் செய்கிற சின்ன டிரான்சிஸ்டரைப் பார்க்க வேண்டும். இங்கே அந்த வேலை எதுவும் வரவில்லை.

கட்டியின் அடியில் இருக்கிற சென்சாரையும் கண்ணாடிச் சென்சாரையும் கையோடு அளந்தேன். இரண்டும் 25 டிகிரியில் 100 கிலோ ஓம் காட்டும் வகை. கடைக்குள் 31 டிகிரி இருந்தபோது 77, 78 என்று காட்டின, விரலால் பிடித்தால் 68க்கு இறங்கின. இரண்டும் உயிரோடு இருந்தன.

என் தவறு

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். பழைய காற்றாடியின் மேல் 18 வோல்ட், 0.25 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. என் டப்பாவில் 18 வோல்ட் இல்லை. அதே பன்னிரண்டு சென்டிமீட்டர், அதே திருகாணித் துளை, அதே இரண்டு முனை இணைப்புடன் 24 வோல்ட் காற்றாடி ஒன்று இருந்தது, பழைய இன்வெர்ட்டர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்தது. 12 வோல்ட் கம்ப்யூட்டர் காற்றாடியை 18இல் மாட்டினால் கொஞ்ச நாளில் கருகிவிடும் என்பது எனக்குத் தெரியும். 24ஐ 18இல் மாட்டினால் கருகாது, கொஞ்சம் மெதுவாக ஓடும். ஈப்போவுக்குப் போய் வாங்கி வர ஒரு நாள் ஆகும், அக்காவுக்கு விடிந்தால் கடை. கருகாது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டேன்.

அலுமினியப் பற்களைப் பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துச் சுத்தம் செய்தேன். கண்ணாடிச் சென்சாரின் மேல் வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்ததைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடியைத் தூக்கினாலே அந்தப் பேஸ்ட் பிரிந்துவிடும், சென்சார் கண்ணாடியை ஒட்டி உட்காராவிட்டால் வெறும் வாணலி சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் அடுப்புக்குத் தெரியாது.

பூட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர். 6 நிமிடம் 10 விநாடியில் கொதித்தது. உடனே இரண்டாவது தடவை, 6 நிமிடம். `E2` வரவில்லை. டிஷ்யூவும் துளையில் போய் ஒட்டியது. முப்பத்தைந்து வெள்ளி வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

ஒன்பதாவது நாள் அக்கா மறுபடி வந்தார். துண்டு கூட அதே துண்டு. "தம்பி, இப்போ சீக்கிரம் அணையல. ஆனா சம்பல் பாதி வேகும்போது அணையுது." இந்தத் தடவை அவரே நேரம் பார்த்திருந்தார்: இருபது, இருபத்திரண்டு நிமிடம். அதே `E2`.

எண் மாறவில்லை, நேரம் மாறியிருக்கிறது. பழுதும் அதே பழுதுதான், அளவு மட்டும் குறைந்திருக்கிறது. காற்றே இல்லாதபோது சூடு நேராக ஏறி நாலு நிமிடத்தில் எல்லையைத் தொட்டது. இப்போது காற்று கொஞ்சம் வருகிறது, ஆகவே சூடு ஏறி எல்லைக்குச் சற்றுக் கீழே எங்கோ தேங்கி நிற்கிறது. அங்கே இன்னும் ஏதோ ஒன்று மெதுவாக நாலைந்து டிகிரியைச் சேர்த்துவிட்டால் போதும். என் ஆறு நிமிடத் தண்ணீர்ச் சோதனை அந்த இடத்துக்குப் போகவே இல்லை. காற்றாடி செத்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும், சோர்ந்திருந்தால் காட்டாது.

இந்த முறை நாற்பது நிமிடம் வைத்தேன். 1600 வாட், அதாவது அக்கா சம்பலுக்கு வைக்கிற அளவு, பெரிய பானையில் நாலு லிட்டர் தண்ணீர். முடியும்போது ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஆவியாகிப் போயிருக்கும், அடி பிடிக்க வாய்ப்பில்லை. உள்ளே அளவுக்கம்பி விடுவது ஆபத்து என்பதால், மீட்டரோடு வருகிற வெப்பக் கம்பியைப் பின்பக்கத் துளைக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி நிறுத்தினேன். வெளியே வரும் காற்றின் சூடே போதும். கடையில் 31 டிகிரி. பத்து நிமிடத்தில் வெளிக்காற்று 61க்கு வந்து அங்கேயே நின்றது. நாற்பது நிமிடமும் அடுப்பு கத்தவில்லை.

என் கடையில் கத்தவில்லை, அக்கா வீட்டில் கத்துகிறது. ஆனாலும் 61 எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் ஈப்போவில் 18 வோல்ட் காற்றாடி வாங்கி வந்து மாட்டி, அதே நாற்பது நிமிடத்தை மறுபடி ஓட்டினேன். வெளிக்காற்று 52. ஒன்பது டிகிரி வித்தியாசம். 24 வோல்ட் காற்றாடிக்கு 18 கொடுத்தால் அது தள்ளுகிற காற்று முக்கால் பங்குக்கும் கீழே போய்விடுகிறது, குறைந்த காற்று அதே சூட்டைச் சுமக்கும்போது அதிகமாகக் கொதிக்கிறது. "கொஞ்சம் மெதுவாக" என்று நான் நினைத்தது இதைத்தான். கருகாத காற்றாடி எல்லாம் பொருந்தும் காற்றாடி ஆகிவிடாது.

அக்காவின் மேசை

இத்தோடு விட்டிருந்தால் அடுப்பு ஓடியிருக்கலாம். ஆனால் கடையில் நாற்பது நிமிடம் ஓடியது வீட்டில் இருபதில் நின்றது ஏன் என்பது மண்டைக்குள்ளேயே சுற்றியது. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பை நானே தூக்கிக்கொண்டு போனேன், மீட்டரும் கையில்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம். பலகை மேசை, அதன் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் மேல் ஓரம் உயர்ந்த பெரிய எவர்சில்வர் தட்டு, கல்யாண வீட்டில் பழம் அடுக்குகிற தாம்பாளம் மாதிரி. அடுப்பு அந்தத் தட்டுக்குள்.

"எண்ணெய் தெறிச்சா மேசை வீணாகுது தம்பி, அதான்."

அடுப்பு காற்றை இழுப்பது அடியிலிருந்து, விடுவது பின்பக்கத்துத் தாழ்வான துளை வழியாக. தட்டின் ஓரம் மூன்று விரல் உயரம். பின்னால் வருகிற சூட்டுக் காற்று ஓரத்தில் மோதித் திரும்பி, அடுப்புக்கு அடியிலேயே நுழைகிறது. விட்ட மூச்சையே மறுபடி இழுக்கிற கதை. தட்டும் மேசையும் சூடேற ஏற உள்ளே போகிற காற்றும் சூடேறிக்கொண்டே போகும். இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்பது அங்கே தெரிந்தது. மெதுவாக ஏறியது தட்டு.

18 வோல்ட் காற்றாடியோடு தட்டுக்குள்ளேயே வைத்து அளந்தேன். அன்று காலை 26 டிகிரிதான், கடையைவிட ஐந்து டிகிரி குளிர்ச்சி. இருந்தும் வெளிக்காற்று பத்தாவது நிமிடத்தில் 53, இருபத்தைந்தாவது நிமிடத்தில் 60, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துவிட்டு அடுப்பின் நான்கு பாதத்துக்கும் அடியில் இரண்டு பலகைக் குச்சிகளை நீளவாக்கில் வைத்தேன், ஒரு விரல் உயரம் கிடைத்தது. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பதினைந்து நிமிடத்தில் 46க்கு இறங்கி நின்றது. பிளாஸ்டிக் விரிப்பையும் அந்த இடத்தில் வெட்டிவிடச் சொன்னேன், காற்றாடி இழுக்கும்போது மெல்லிய விரிப்பு மேலே எழும்பித் துளையை மூடிக்கொள்ளும்.

அக்கா சம்பலை ஆரம்பித்தார். குவாலி, வெங்காயம், அரைத்த மிளகாய், எண்ணெய். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். நாற்பத்தைந்து நிமிடம். பீப் சத்தம் வரவில்லை.

முடிந்ததும் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு இன்னொரு விடை சொன்னது. குவாலியை இறக்கிய கையோடு சுவரில் பிளக் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டார். அடுப்பின் பட்டனில் அணைத்தால் காற்றாடி இன்னும் ஒரு நிமிடம் போல ஓடி உள்சூட்டை வெளியே தள்ளிவிட்டு நிற்கும். சுவரில் அணைத்தால் அந்த நிமிடம் கிடையாது. அலுமினியக் கட்டியும் சுருளும் வைத்திருக்கிற சூடு முழுக்கக் காற்றாடி மோட்டாரின் மேல் வந்து உட்காரும், புஷ்ஷில் இருக்கிற எண்ணெய் தினம் ஒரு முறை வேகும். மெழுகாகிப்போனது அப்படித்தான் என்று நினைக்கிறேன். எண்ணெய்ப் புகையும் பாதிக் காரணம், அதை மறுக்க முடியாது.

"அப்போ மொதல்ல அடுப்புல ஆஃப் பண்ணணும், காத்தாடி நின்ன பெறகு சுவத்துல. அவ்வளவுதானே? சரி, சரி."

சம்பல் கிளறும் அடுப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடித்துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டச் சொன்னேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. ஈரத் துணி வேண்டாம். இறக்கையில் ஏற்கெனவே பிசின் பிடித்திருந்தால் வெளியிலிருந்து தட்டுவதால் போகாது, கொண்டுவரத்தான் வேண்டும்.

இரண்டாவது தடவைக்கு நான் காசு வாங்கவில்லை, 24 வோல்ட் காற்றாடியை மாட்டியது என் பிழை. அக்கா விடவில்லை, ஆறு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஐந்து மாதமாகிறது. ஒரு முறை மட்டும் போன் செய்தார், பீப் அடிக்கிறது என்று. எப்படி அடிக்கிறது என்று கேட்டேன். "வச்சவுடனே அடிக்குது, டிக் டிக்னு, சீரா." புதிதாக வாங்கிய குவாலியின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒட்டவில்லை. அலுமினியம்.

அந்த 24 வோல்ட் காற்றாடி இப்போது என் மேசையில் இருக்கிறது. 24 வோல்ட் அடாப்டர் ஒன்று கொடுத்திருக்கிறேன், சால்டரிங் புகையை ஜன்னல் பக்கம் நன்றாகவே தள்ளுகிறது.